தோட்டத்தை விட்டு வந்தவர்கள்: இழுத்தது எது, தள்ளியது எது?

ஜொகூர் பாருவில் மவுண்ட் ஆஸ்டின் என்றதும் இன்றைய இளைஞர்களுக்கு வரிசை வரிசையான உணவகங்களும் வார இறுதி நெரிசலும்தான் நினைவுக்கு வரும். ஐம்பது வயதைக் கடந்தவர்களைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். அது ஒரு தோட்டத்தின் பெயர். பெரட்டுக் களமும் லயமும் கோவிலும் இருந்த தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது; பெயர் மட்டும் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெப்ராவ் என்ற பெயருக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

"நம்மவர்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கு வந்தார்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வந்தார்களா, அனுப்பப்பட்டார்களா? இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானதல்ல. பட்டணத்திற்கு வந்த பிறகு ஒரு குடும்பம் தலைநிமிர்ந்ததா, தடுமாறியதா என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்தது.

இடப்பெயர்வை ஆராய்பவர்கள் இதற்கு இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். பிறந்த இடத்திலிருந்து ஒருவரை வெளியேற்றுவது தள்ளு காரணம். வேலையின்மை, குறைந்த கூலி, வீட்டுப் பிரச்சினை போன்றவை இதில் அடங்கும். போகுமிடத்திலிருந்து ஒருவரைக் கவர்வது இழு காரணம். நல்ல சம்பளம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பட்டண வாழ்வின் ஒளி ஆகியவை இவ்வகை. 1966-ல் அமெரிக்க அறிஞர் எவரெட் லீ இந்த இரண்டோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்தார். இடையில் நிற்கும் தடைகள் அது. தூரம், செலவு, சட்டம், ஆவணம் எல்லாம் தடைகளே. ஒருவர் போவதும் போகாதிருப்பதும் இந்த மூன்றையும் பொறுத்தது என்றார் அவர்.

ஜொகூர் தோட்டங்களின் கதையில் இந்த மூன்றையும் கண்கூடாகப் பார்க்கலாம்.

முதலில் வந்தது பேருந்து

1970-களில் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையாக உருவெடுத்தது. 1977-ல் அங்கே துறைமுகம் திறக்கப்பட்டது. சினாய் பக்கமும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றுக்கு ஆள் வேண்டும், குறிப்பாக விரல் நுனியால் நுட்பமான வேலை செய்யும் இளம் பெண்கள் வேண்டும். தொழிற்சாலைகள் தாங்களே பேருந்துகளை ஏற்பாடு செய்து கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் அனுப்பின.

தாய் விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். மகள் சீருடை அணிந்து தோட்டத்து முச்சந்தியில் பேருந்துக்கு நிற்பார். மாலையில் இருவரும் ஒரே லயத்து வீட்டுக்குத் திரும்புவார்கள். மகளின் சம்பளத்தில் வீட்டுக்குத் தொலைக்காட்சி வரும், தம்பியின் படிப்புக்குப் பணம் வரும். வீட்டு வாடகை இல்லை. தண்ணீரும் விறகும் தோட்டத்திலேயே கிடைத்தன. பட்டணத்துச் சம்பளத்தையும் தோட்டத்துச் செலவையும் ஒரே குடும்பம் ஒரே காலத்தில் அனுபவித்தது அந்தச் சில ஆண்டுகளில்தான்.

இது முழுக்க முழுக்க இழு காரணத்தால் நடந்த பெயர்வு. இதில் அவசரம் இல்லை. முதலில் ஒருவர் வேலைக்குப் போனார். பிறகு மாசாயிலோ ஸ்கூடாயிலோ தோழிகளோடு ஓர் அறை எடுத்தார். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் அல்லது திருமணம் ஆனதும் மலிவு வீட்டுக்கு மனுச் செய்தார். கடைசியில் பெற்றோரை அழைத்துக்கொண்டார். 1885-ல் இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்த ராவென்ஸ்டைன் என்பவர், மக்கள் பெரும்பாலும் ஒரே தாவலில் பெருநகருக்குப் போவதில்லை, படிப்படியாகவே போகிறார்கள் என்று எழுதினார். குறுகிய தூரப் பெயர்வில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்றும் சொன்னார். நூறு ஆண்டுகள் கழித்து நம் வீட்டுப் பெண்கள் அதை மெய்ப்பித்தார்கள்.

இப்படி வந்த குடும்பங்களில் பல இன்று சொந்த வீட்டில் இருக்கின்றன. இதை மறந்துவிட்டு, தோட்டத்தை விட்டவர்கள் எல்லாரும் கெட்டார்கள் என்று பேசுவது சரியல்ல.

மரம் மாறியது, ஆள் குறைந்தது

தள்ளுதல் வேறு வழியில் வந்தது. அது ஒரு நாளில் நடந்ததல்ல. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றபோது வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். அந்தத் தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ளத்தான் 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த வரலாற்றைப் பலரும் அறிவர். அதன் பிறகு சத்தமில்லாமல் நடந்த இன்னொரு மாற்றம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டதுதான் அது.

கணக்கைப் பாருங்கள். பால் வெட்டுபவர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மரம் வெட்டுவார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது வழக்கம் என்பதால், அவருக்கு இரண்டு நிரைக்கூட்டம், அதாவது சுமார் 1,000 மரம் ஒதுக்கப்படும். அது ஏறக்குறைய 3 ஹெக்டேர். ஆக 900 ஹெக்டேர் பால்மரக் காட்டுக்கு 300 பேர் வேண்டும்.

அதே 900 ஹெக்டேரில் செம்பனை நட்டால் என்ன ஆகும்? ஒரு மரத்தில் குலை பழுத்திருக்கிறதா என்று 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் மங்கு துடைத்து, பால் எடுத்து, வாளி சுமக்கும் வேலை இல்லை. எல்லா வேலையும் சேர்த்து 8 அல்லது 9 ஹெக்டேருக்கு ஓர் ஆள் போதும். 300 பேர் செய்த இடத்தில் 100 பேர் அல்லது சற்றுக் கூடுதலானோர் போதும். மேலும், நட்ட கன்று காய்ப்பதற்குச் சுமார் மூன்று ஆண்டு ஆகும். அதுவரை அறுவடை வேலையே கிடையாது.

எண்ணிக்கை குறைந்ததைவிட இன்னொன்று குடும்பங்களைக் கடுமையாகத் தாக்கியது. பால் வெட்டில் கணவனுக்கு ஒரு நிரை, மனைவிக்கு ஒரு நிரை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வருமானம். குழந்தை ஆயாக்கொட்டகையில் இருக்கும். செம்பனைக் குலை வெட்டுவது நீண்ட கழியில் அரிவாளைக் கட்டி, 20, 25 கிலோ குலையை இறக்கிச் சுமக்கும் வேலை. அது ஆண்கள் வேலையாகிவிட்டது. பெண்களுக்கு உதிரிப்பழம் பொறுக்குவதும் மருந்து அடிப்பதும் உரம் போடுவதும் மிஞ்சின. அந்த வேலைகளில் சம்பளம் குறைவு, மருந்தடிப்பில் உடல்நலக் கேடும் உண்டு. இரண்டு சம்பளத்தில் நின்ற குடும்பம் ஒன்றரைச் சம்பளத்திற்கு இறங்கியது. மகன் பட்டணத்திற்குப் போக வேண்டும் என்ற பேச்சு பல லயங்களில் அப்போதுதான் தொடங்கியது.

1984-ல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மேடானில் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. குத்தகைக்காரர்கள் மூலம் அந்நியத் தொழிலாளர் தோட்டங்களுக்கு வந்தார்கள். குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்போது கூலியை உயர்த்த நிர்வாகத்திற்கு என்ன அவசியம்? ஆள் இல்லாததால் அந்நியர் வந்தார்களா, அந்நியர் வந்ததால் நம்மவர் போனார்களா என்று மேடைதோறும் விவாதிக்கிறார்கள். இரண்டும் நடந்தன. ஒன்று மற்றொன்றை வளர்த்தது.

எட்டு வாரமும் இருபத்து நான்கு மாதமும்

மூன்றாவது கட்டத்தில் மரம் மாறவில்லை, நிலமே மாறியது. 1989-ல் சிங்கப்பூர், ஜொகூர், ரியாவ் வளர்ச்சி முக்கோணம் அறிவிக்கப்பட்டது. 1994-ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தது. 1998-ல் சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் திறந்தது. 2006-ல் இஸ்கந்தர் வட்டாரத் திட்டம் வந்தது. ஜொகூர் பாருவைச் சுற்றியிருந்த தோட்ட நிலத்தில் செம்பனை தரும் வருமானத்தைவிட வீடு கட்டி விற்பது பல மடங்கு இலாபம் என்றாகிவிட்டது.

தோட்டத் தொழிலாளியின் வீடு அவர் சொத்தல்ல. வேலையோடு சேர்ந்து வந்த வசதி அது. வேலை போனால் வீடும் போகும். பட்டணத்துத் தொழிலாளி வேலை இழந்தால் வேறு வேலை தேடுவார். தோட்டத் தொழிலாளியோ வேலை, வீடு, குழந்தைகளின் பள்ளி, கோவில், அண்டை அயல் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் இழந்தார். உலகில் எல்லா இடத்திலும் கிராமத்தைவிட்டு மக்கள் நகரத்திற்குப் போகிறார்கள். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஊரில் ஒரு குடிசையாவது மிஞ்சியிருக்கும். இங்கே அதுவும் இல்லை.

ஒரு குடும்பத்தின் நிலையை எண்களில் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக் கணக்குதான். ஆனால் விதிகள் உண்மையானவை. 1990-களில், 50 வயதான ஒரு தொழிலாளி. 25 ஆண்டுச் சேவை. ஒரு நாள் சம்பளம் 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிப்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 25 ஆண்டுக்கு 500 நாள். மொத்தம் 7,500 வெள்ளி.

அவர் மலிவு வீடு வாங்க நினைக்கிறார். 1982 முதல் மலிவு வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி என்று வரையறுக்கப்பட்டிருந்தது. பத்து விழுக்காடு முன்பணம் 2,500. அதைக் கட்டிவிடலாம். மீதி 22,500-க்கு வங்கிக் கடன் வேண்டும். அவருக்கு வயது 25 ஆக இருந்தால் 25 ஆண்டுத் தவணை கிடைக்கும். எட்டு விழுக்காடு வட்டியில் மாதம் சுமார் 175 வெள்ளி. வயது 50 என்பதால் வங்கி பத்து ஆண்டு கொடுப்பதே பெரிது. அப்போது மாதத் தவணை சுமார் 270 வெள்ளி. 26 நாள் வேலை செய்தால் அவர் எடுப்பது 390 வெள்ளி. அந்தச் சம்பளமும் வேலை இருந்தபோது வந்தது!

பணத்தைவிடப் பெரிய சிக்கல் காலம். வேலைச் சட்டப்படி, ஐந்தாண்டுக்கு மேல் சேவை செய்தவருக்கு முதலாளி தர வேண்டிய முன்னறிவிப்பு எட்டு வாரம். ஒரு தரை வீட்டை வீடமைப்பாளர் கட்டி ஒப்படைக்கச் சட்டம் தரும் அவகாசம் 24 மாதம், அடுக்குமாடி என்றால் 36 மாதம். நிர்வாகம் மனமுவந்து மாற்று வீடு தருவதாக ஒப்புக்கொண்டாலும், அது அறிவிப்பு வரும்போதே கட்டி முடிக்கப்பட்டிருந்தால்தான் பயன். எட்டு வாரத்திற்கும் இருபத்து நான்கு மாதத்திற்கும் இடைப்பட்ட அந்தப் பள்ளத்தில் குடும்பம் எங்கே போகும்? உறவினர் வீட்டு முன்னறைக்கு, வாடகை வீட்டிற்கு, இல்லையேல் புறம்போக்கு நிலத்துப் பலகை வீட்டிற்கு. வாடகையில் இழப்பீட்டுப் பணம் கரையும். வீடு தயாராகும்போது முன்பணம் கையில் இருக்காது.

ஒரு தோட்டம் மூடப்படும்போது அங்குள்ள மக்கள் நன்றாக மறுகுடியேறுவார்களா என்று அறிய வேண்டுமானால் இழப்பீடு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. மாற்று வீட்டின் சாவி எந்தத் தேதியில் கைக்கு வரும், லயத்தைக் காலி செய்ய வேண்டிய தேதி எது என்று கேட்க வேண்டும். போராட்டங்களில் வென்ற தோட்டத்து மக்கள், சாவி வரும்வரை லயத்தைவிட்டு நகர மாட்டோம் என்று நின்றவர்களே.

சம்பள நாள் இல்லாத சிறுபட்டணம்

தோட்டம் காலியானதும் அடுத்து அடி வாங்கியது சிறுபட்டணம். 1909-ல் ஜொகூர் இரயில் பாதை முடிந்தபோது அதன் ஓரத்தில் தோட்டங்களும், தோட்டங்களை நம்பிப் பட்டணங்களும் வளர்ந்தன. ரெங்கம், லாயாங்-லாயாங், பாலோ, பெக்கோக் போன்றவை அப்படிப்பட்டவை. மாதச் சம்பள நாளில் லோரியிலும் பேருந்திலும் தோட்டத்து மக்கள் வந்து இறங்குவார்கள். மளிகைக் கடையில் கடன் புத்தகத்தை அடைத்துவிட்டு, துணிக்கடை, நகைக்கடை, முடிதிருத்தும் கடை என்று ஒரு சுற்று வருவார்கள். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கடைத்தெருவில் நடக்க இடம் இருக்காது.

குடும்பங்கள் போனபின் அந்த இடத்திற்கு வந்தவர்கள் தனி ஆட்கள். அவர்கள் தம் சம்பளத்தைச் சொந்த ஊருக்கு அனுப்புபவர்கள். அரிசியும் தொலைபேசி அட்டையும் வாங்குவார்கள். சேலையும் பள்ளிச் சீருடையும் வாங்க மாட்டார்கள். தோட்டத்தில் தலை எண்ணிக்கை குறையாமல் இருந்தாலும்கூடக் கடைத்தெரு படுத்துவிடுவதற்கு இதுதான் காரணம். குளுவாங், சிகாமாட் போன்ற மாவட்டத் தலைநகரங்கள் தாக்குப்பிடித்தன. அரசு அலுவலகங்களும் மருத்துவமனையும் அங்கே இருந்தன, குளுவாங்கில் இராணுவ முகாமும் தொழிற்சாலைகளும் சேர்ந்துகொண்டன. சம்பள நாள் அங்கே தோட்டத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை.

தமிழ்ப்பள்ளிகளின் நிலை எல்லாருக்கும் தெரிந்ததே. 150 மாணவருக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்தப்படும். செம்பனைக் காட்டுக்குள் பள்ளி நிற்கிறது, பிள்ளைகள் ஜொகூர் பாருவில் இருக்கிறார்கள். பால்மரம் இருந்த இடத்தில் கட்டிய பள்ளியை மக்கள் இருக்கும் இடத்திற்கு நகர்த்த, உரிமம் மாற்றம், நிலம், கட்டட நிதி என்று ஆண்டுக்கணக்கில் ஆகும். அந்த ஆண்டுகளில் மாசாய், ஸ்கூடாய் தமிழ்ப்பள்ளிகளில் வகுப்பறை நிரம்பி வழிந்தது. அருகில் தமிழ்ப்பள்ளி இல்லாத தாமான்களில் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்கள் மொழியை வெறுத்ததால் அப்படிச் செய்யவில்லை. பேருந்துக் கட்டணத்தையும் காலை நேரத்தையும் கணக்குப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பெருநகரமும் ஒரு படிதான்

ஜொகூர் பாருவுக்கு வந்தவர்களும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1973 வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. 2024-ல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றரை மலேசிய வெள்ளியை எட்டும் அளவுக்கு இடைவெளி விரிந்திருந்தது. பாலத்துக்கு அப்பால் துப்புரவு வேலை செய்பவர், இப்பால் கைத்தொழில் கற்றவரைவிட அதிகம் எடுத்து வர முடிகிறது. விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிள்கள் பாலத்தை நோக்கி வரிசை கட்டுகின்றன. பெரட்டுக்குப் போன நேரத்தைவிட அது முந்தியது என்று தாத்தாக்கள் கேலி செய்வதுண்டு.

இதனால் நகரத்திற்கு இரண்டு விளைவு. சிங்கப்பூர்ச் சம்பளத்தை நம்பி வீட்டு விலையும் வாடகையும் ஏறுகின்றன. உள்ளூர்ச் சம்பளக்காரருக்கு அது எட்டாமல் போகிறது. போனவர்களின் இடத்தை நிரப்ப, சிறுபட்டணங்களிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நகரத்தை ஒட்டிய ஊர்க்காரர் நகரத்திற்குள் போனதும், அவர் விட்ட வெற்றிடத்தை அதற்கும் அப்பால் உள்ளவர் வந்து நிரப்புவார் என்று ராவென்ஸ்டைன் சொன்னதும் இதுதான். சங்கிலியின் ஒரு முனை சிங்கப்பூரில், மறுமுனை ஜாவாவிலும் வங்காளதேசத்திலும். நடுக்கண்ணி ஜொகூர்.

இந்தச் சங்கிலி ஒருமுறை அறுந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லை மூடப்பட்டது. தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரலில். அந்த இடைக்காலத்தில் தோட்டங்களுக்குப் புதிய அந்நியத் தொழிலாளர் வரவில்லை, செம்பனைக் குலைகள் மரத்திலேயே அழுகின. நகரத்திலோ உள்ளூர் மக்கள் பலர் வேலையின்றி இருந்தனர். ஏட்டுக் கணக்குப்படி அவர்கள் தோட்டத்திற்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பியவர்கள் மிகக் குறைவு.

ஏன் என்பதற்கு ஃபெல்டா குடியேற்றங்களோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். கூலாய் அருகே உள்ள தாயிப் அண்டாக் போன்ற குடியேற்றங்களில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் சுமார் பத்து ஏக்கர் நிலமும் ஒரு வீடும் ஒதுக்கப்பட்டன. அங்கிருந்தும் பிள்ளைகள் பட்டணத்திற்குப் போனார்கள். அங்கும் குலை வெட்ட அந்நியரே வந்தார்கள். இழு காரணம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அவர்களுக்கு ஊரில் தந்தையின் வீடு இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு நெடுஞ்சாலை நிரம்புவது அதனால்தான். வேலை போனால் போய்த் தங்க ஓர் இடம், நெருக்கடிக்கு ஒரு கூரை.

தோட்டத்து வழிவந்த குடும்பத்திற்கு அந்த வீடு இடிந்து இருபது, முப்பது ஆண்டு ஆகிறது. திரும்பிப் போக இருப்பது கோவில் மட்டும்தான், அதுவும் சில இடங்களில். ஆண்டுத் திருவிழாவுக்கு ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார்கள் செம்மண் சாலையில் வரிசையாக உள்ளே வரும். தீமிதி முடிந்து அன்னதானம் ஆனதும், லயம் இருந்த இடத்தைப் பெரியவர்கள் கைகாட்டிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அங்கே செம்பனை நிற்கும். இருட்டுவதற்குள் எல்லாரும் காரில் ஏறிவிடுவார்கள், மறுநாள் நான்கு மணிக்குப் பாலத்துக்குப் போக வேண்டுமே!